அழைப்பு மடல்

கும்பகோணத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில், பள்ளிக்கூடத் தெருவின் முனையில் ஓர் எழுதுபொருள் கடை உண்டு. ஏடு, எழுதுகோல், வரைபடத்தாள், மை முதலியன அங்கு விற்கப்படும். 2020ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 23ஆம் நாள் அக்கடை திறக்கப்பட்டது. 2025ஆம் ஆண்டு பிறந்ததும், ஐந்து ஆண்டுகள் நிறைவதைக் கொண்டாட வேண்டும் என்னும் விருப்பம் கடைக்காரரின் உள்ளத்தில் எழுந்தது. தம்மை விட்டு அகலாத வாடிக்கையாளர்களை வரவழைத்து, அவர்களுக்குச் சிறு பொருள் ஒன்றை அளிக்க அவர் எண்ணினார். இரவெல்லாம் அமர்ந்து அழைப்பு ஒன்றை எழுதி முடித்தார்.

மறுநாட் காலையில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் குறிப்பேடு வாங்கக் கடைக்கு வந்தார். கடைக்காரர் அவரிடம் தாளை நீட்டி, "ஐயா, இதை அச்சுக்குக் கொடுக்கப் போகிறேன். பிழை இருந்தால் திருத்தித் தர வேண்டும்" என்று வேண்டினார். அத்தாளில் எழுதியிருந்தது இதுவே:

"எமது கடையின் 5ஆம் ஆண்டு விழா! ஐந்து ஆண்டுகளாக இடைவிடாது மக்கள் தொண்டில் முதலிடம் வகிக்கும் எமது கடையில், சனவரி 26 சனிக்கிழமை மாலை மாபெரும் விழா! வருகை தரும் அனைவருக்கும் இலவசப் பரிசு காத்திருக்கிறது! தவறாது வந்து பயன் பெறுக! குறிப்பு: நிலுவை வைத்துள்ளோர் அன்றே தீர்க்க வேண்டுகிறோம்."

ஆசிரியர் அதனை இருமுறை படித்தார். பின்பு, "தம்பி, எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இம்மடல் யாருக்கு எழுதப்பட்டது?" என்று வினவினார்.

"நம் வாடிக்கையாளர்களுக்குத்தான், ஐயா."

"அவர்களைப் பற்றி இதில் ஒரு சொல்லேனும் உண்டா? கடையின் பெருமை இருக்கிறது; பரிசு இருக்கிறது; கடனும் இருக்கிறது. அழைக்கப்படுவோர் மட்டும் இல்லை. இது தெருவில் ஒட்டும் விளம்பரம் ஆகுமேயன்றி, வீட்டுக்கு விடுக்கும் அழைப்பு ஆகாது. மேலும், ஐந்து ஆண்டுகளாக இடைவிடாது என்கிறீர். அது மெய்தானா?"

கடைக்காரர் தலைகுனிந்தார். கடை திறந்து மூன்றாம் மாதம் தொடங்கிய வேளையில், 2020 மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள், கொரோனாத் தொற்றின் காரணமாக நாடெங்கும் ஊரடங்கு வந்தது. கடை மூடப்பட்டது. பின்னர்க் கடையைத் திறக்க இசைவு கிடைத்தபோதும் பள்ளிகள் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் மீண்டும் தொடங்கியது 2021 நவம்பர் முதல் நாளில்தான். பள்ளியை நம்பி வைத்த கடைக்குப் பள்ளியே இல்லாத காலம் அது. ஆயினும் சில பெற்றோர், வீட்டில் பயிலும் பிள்ளைகளுக்காக ஏடு வாங்க அக்கடையையே தேடி வந்தனர். அவர்கள் வந்திராவிடில் ஐந்தாம் ஆண்டு என்னும் பேச்சுக்கே இடம் இருந்திராது.

"நீர் எழுத வேண்டியது அதுவே" என்றார் ஆசிரியர். "முதலிடம் என்பதை நம்புவார் இலர். கடை மூடிக்கிடந்ததை ஊரார் அனைவரும் அறிவர். உண்மையைச் சொன்னால், அதைப் படிப்பவர் தம் பங்கை அதில் காண்பார்."

அதன்பின் இருவரும் பலகையில் அமர்ந்து மடலைச் சொல் சொல்லாக ஆராயலாயினர்.

முதலில் தலைப்பை நோக்கினர். "5ஆம் ஆண்டு விழா" என்றால் இருபொருள் படும். ஐந்தாம் ஆண்டு தொடங்குகிறது என்றும் கொள்ளலாம். முடிந்தது என்றும் கொள்ளலாம். தொடங்குகிறது எனின் நிறைந்தவை நான்கு ஆண்டுகளே. 'நிறைவு' என்னும் ஒரு சொல்லைச் சேர்த்து, "ஐந்தாம் ஆண்டு நிறைவு விழா" என்று எழுதினால் ஐயம் நீங்கும்.

அடுத்து நாளை நோக்கினர். கடை திறந்த சனவரி 23, அவ்வாண்டு வியாழக்கிழமையில் வந்தது. அன்று பள்ளியும் அலுவலும் உண்டு. குடும்பத்தோடு வருவது அரிது. ஆதலின் மூன்று நாள் தள்ளி 26ஆம் நாளைக் கடைக்காரர் தேர்ந்திருந்தார். ஆனால் அது ஞாயிற்றுக்கிழமை. அவரோ சனிக்கிழமை என்று எழுதிவிட்டார். ஆசிரியர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைச் சுட்டிக்காட்டினார். "தேதியும் கிழமையும் மாறுபட்டால், பாதிப்பேர் சனிக்கிழமை வந்து பூட்டிய கதவைக் காண்பர். நாளை மட்டும் எழுதினால் பிழை வெளிப்படாது. கிழமையையும் சேர்த்து எழுதி, நாட்காட்டியுடன் ஒப்பிட்டால் பிழை தானே புலப்படும். தமிழ்த் தேதியையும் சேர்ப்பது நம் வழக்கம். அன்று குரோதி ஆண்டு, தை 13. குடியரசு நாளும் அதுவே. காலையில் பள்ளியில் கொடியேற்றம் உண்டு. 'மாலை' என்று மட்டும் எழுதாமல், தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் எழுதும்" என்றார்.

மூன்றாவதாகப் பொருளைப் பற்றிய பேச்சு எழுந்தது. "பரிசு என்பது போட்டியில் வென்றவர்க்குத் தருவது. குலுக்கல் நடக்குமோ என்று சிலர் எண்ணுவர். இலவசம் என்றாலோ, ஏதேனும் வாங்கினால்தான் தருவார்கள் என்று ஐயுறுவர். நீர் நன்றியோடு தருகிறீர். ஆதலின் அன்பளிப்பு என்று எழுதும். அது என்ன பொருள் என்பதையும் சொல்லிவிடும். சிறிய பொருளைச் சிறியது என்றே கூறினால், பெறுபவர் ஏமாற்றம் அடையார்" என்று ஆசிரியர் விளக்கினார்.

"எத்தனை பேரை அழைக்கிறீர்?" என்று அவர் மீண்டும் கேட்டார்.

கடைக்காரர் தம் பேரேட்டை எடுத்தார். மிகுதியாக வாங்கியவர் யார் என்று பாராமல், ஆண்டுதோறும் தவறாது வந்தவர் யார் என்று பார்த்துப் பெயர் குறித்திருந்தார். 180 குடும்பங்கள் தேறின. அன்பளிப்புக்கென அவர் ஒதுக்கிய தொகை 9,000 ரூபாய். 90 ரூபாய் விலையுள்ள பேனாப் பெட்டியில் 100 வாங்க நினைத்திருந்தார். "எல்லாரும் வரமாட்டார்கள், ஐயா. அப்படி வந்தால் முதலில் வரும் நூறு பேருக்கு என்று எழுதிவிடலாம்" என்றார்.

"அப்படி எழுதினால், விழா ஓட்டப் பந்தயம் ஆகிவிடும். முதியவர் பின்தங்குவர். பெயர் சொல்லி அழைத்த ஒருவரை வெறுங்கையோடு அனுப்புவதைவிட, அழையாதிருப்பதே மேல். தொகையை மாற்ற வேண்டா, பொருளை மாற்றும்."

கணக்கிட்டுப் பார்த்தனர். 9,000 ரூபாயை 180ஆல் வகுத்தால் குடும்பம் ஒன்றுக்கு 50 ரூபாய். மஞ்சள் நிறத் துணிப்பை ஒன்றுக்கு 28 ரூபாய். குறிப்பேடு ஒன்றுக்கு 22 ரூபாய். கணக்கு நேராயிற்று. ஒரு வீட்டிலிருந்து நால்வர் வந்து நான்கு கேட்கக்கூடும். ஆதலின் 'குடும்பத்திற்கு ஒன்று' என்பதை மடலிலேயே தெளிவாகக் குறிக்க முடிவு செய்தனர்.

இறுதியில் நிலுவைக் குறிப்பு எஞ்சி நின்றது. கடைக்காரர் அதை விட மனமின்றித் தயங்கினார். பன்னிரண்டு குடும்பங்கள் பணம் தர வேண்டியிருந்தன. அவருள் ஒருவர் நெசவுத் தொழிலாளி. பள்ளி திறந்தபோது இரு பிள்ளைகளுக்கும் ஏடுகள் வாங்கி 640 ரூபாய் நிலுவை வைத்திருந்தார். அதன்பின்பும் ஆண்டுதோறும் கைப்பணம் கொடுத்து வாங்கிச் சென்றார். பழைய கடனைப் பற்றி மட்டும் வாய் திறவார்.

"அவர் பெயர் 180இல் உண்டா?" என்றார் ஆசிரியர்.

"உண்டு, ஐயா."

"அக்குறிப்பைக் கண்டால் அவர் வருவாரா? கடன் இல்லாதவரும், நம்மையும் ஐயுறுகிறாரோ என்று வருந்துவார். கடனைக் கேட்பது உம் உரிமை. வேறொரு நாளில் தனியே கேளும். அழைப்பும் கடன் நினைவூட்டும் ஒரே தாளில் தங்கா."

கடைக்காரர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு அவ்வரியைத் தம் கையாலேயே அடித்தார். அன்று மாலை அச்சகத்துக்குச் சென்ற மடல் வருமாறு:

"ஐந்தாம் ஆண்டு நிறைவு விழா அழைப்பு

அன்புடையீர், வணக்கம்.

23-1-2020 அன்று தொடங்கிய எமது கடை, தங்கள் ஆதரவால் ஐந்து ஆண்டுகளை நிறைவு செய்கிறது. தொடங்கிய மூன்றாம் மாதத்திலேயே கதவடைக்க நேர்ந்தது. பள்ளிகள் மூடியிருந்த நாளிலும் தாங்கள் எம்மை மறவாது வந்தீர்கள். அதற்கு நன்றி கூறும் பொருட்டு, 26-1-2025 ஞாயிற்றுக்கிழமை (குரோதி ஆண்டு, தை 13) மாலை 4 மணி முதல் 7 மணி வரை, கடையின் முன்றிலில் சிறு விழா நடைபெறும். தாங்கள் குடும்பத்துடன் வருகை தர வேண்டுகிறோம்.

எம் அன்பின் அடையாளமாகக் குடும்பத்திற்கு ஒரு துணிப்பையும் குறிப்பேடும் வழங்கப்பெறும். அன்று பொருள் எதுவும் வாங்க வேண்டுவதில்லை. வர இயலாதோர் பிப்ரவரி 2ஆம் நாள் வரை கடையில் பெற்றுக்கொள்ளலாம்.

தங்கள் அன்புள்ள,
கடை உரிமையாளர்."

மடல்களின் நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவி, கடைக்காரரும் அவர் மனைவியாரும் வீடு வீடாகச் சென்று கொடுத்தனர். உறையின்மேல் குடும்பத் தலைவர் பெயரும், சில இடங்களில் தலைவியார் பெயரும் கையால் எழுதப்பட்டிருந்தன. வெளியூர் சென்றுவிட்டவர்களுக்கு அவ்வாசகமே கைப்பேசி வழியாக அனுப்பப்பட்டது. ஆனால் ஒவ்வொருவருக்கும் பெயர் குறித்துத் தனித்தனியே அனுப்பினர்.

விழா நாளன்று 131 குடும்பங்கள் வந்தன. அடுத்த ஒரு வாரத்தில் 30 குடும்பங்கள் வந்து பெற்றுக்கொண்டன. நூறு பொருள்களே வாங்கியிருந்தால், முதல் நாளிலேயே 31 குடும்பங்கள் வெறுங்கையோடு திரும்பியிருக்கும்.

நெசவுத் தொழிலாளி விளக்கேற்றும் நேரத்தில் தம் இரு பிள்ளைகளோடு வந்தார். பையைப் பெற்றுக்கொண்டு, ஏதும் பேசாமல் கைகூப்பிச் சென்றார். பத்து நாள் கழித்து மீண்டும் வந்து, 200 ரூபாயைப் பலகைமேல் வைத்தார். "மீதியை மாதந்தோறும் தருகிறேன், ஐயா. கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்" என்றார். அவர் தோளில் தொங்கியது அந்த மஞ்சள் பை.

பயிற்சி

1. 'பரிசு', 'இலவசம்', 'அன்பளிப்பு' ஆகிய சொற்களின் வேறுபாட்டை ஆசிரியர் எவ்வாறு விளக்கினார்?
2. 'ஐந்தாம் ஆண்டு விழா' என்னும் தொடர் எவ்வாறு இருபொருள் படும்?
3. முதலில் எழுதிய மடலையும் பின்னர் எழுதிய மடலையும் ஒப்பிட்டு, நீக்கியவற்றையும் சேர்த்தவற்றையும் எழுதுக.