வளைகுடாச் சேமிப்பும் இட்லி மாவும்

கேள்வி: குவைத்தில் 14 ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிட்டேன். கையில் 12 லட்சம் ரூபாய் இருக்கிறது. 5 லட்சம் கட்டினால் குளிர்பான ஏஜென்சி தருவதாக ஒருவர் சொல்கிறார். இட்லி மாவு அரைத்து விற்கலாம் என்பது என் மனைவியின் யோசனை. எதைச் செய்யலாம்?

— வாசகர், செம்பாக்கம்

பதில்: மாதச் சம்பளம் நின்றுபோன இல்லத்தில் முதல் ஓராண்டுக் குடும்பச் செலவுக்கான பணத்தைத் தொழிலின் கண்ணிலேயே காட்டாமல் தனியாக வைத்துவிட்டு, எஞ்சியதிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் முதல் முயற்சியில் இறக்கலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம். இந்த அளவுகோலில் 5 லட்சம் கேட்கும் ஏஜென்சி நிற்காது. விற்காத சரக்கைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கொள்ளுமா, முன்பணம் எந்த நிபந்தனையில் திரும்பும் என்பவை எழுத்தில் இல்லையென்றால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

தங்கள் மனைவியின் யோசனை கவனிக்கத்தக்கது. ஆனால் அதன் லாபநஷ்டத்தை நிர்ணயிப்பது கிரைண்டர் அன்று, கடையிலிருந்து திரும்பி வரும் பாக்கெட்டே. 8 கிலோ இட்லி அரிசியும் 2 கிலோ உளுந்தும் அரைத்தால் ஏறக்குறைய 24 கிலோ மாவு கிடைக்கும். அரிசி கிலோ 45, உளுந்து 130 என்று வைத்துக்கொண்டால் பொருளுக்கு 620 ரூபாய்; பை, உப்பு, மின்சாரம், பெட்ரோல் ஆகியவற்றுக்கு 60. கடைகளுக்குக் கிலோ 40 ரூபாய்க்குக் கொடுத்தால் 960 வரும், மிச்சம் 280. இதில் 4 கிலோ மட்டும் புளித்துத் திரும்பினால் 160 போய், 120தான் நிற்கும். அதற்குள்ளேதான் இருவருடைய உழைப்புக்கும் கூலி இருக்கிறது. இரவில் குளிர்பெட்டியை அணைத்துவிடும் கடைக்குச் சித்திரை மாதத்தில் மாவு கொடுத்தால், காலையில் பை பலூனாக உப்பி, முடிச்சோரம் நுரை கசிந்து நிற்கும். அத்தகைய கடையை எவ்வளவு விற்பனை ஆசை காட்டினாலும் விட்டுவிடுவதே விவேகம். வாரக் கடன் கேட்கும் மெஸ்களுக்கும், முந்தைய பாக்கி தீராமல் அடுத்த வாளி போகக்கூடாது.

ஆகையால் கடை வாடகைக்கு எடுக்காமல், வீட்டிலிருந்து ராஜகீழ்ப்பாக்கம், கேம்ப் ரோடு பக்கம் நாலைந்து கடைகளுக்கு மட்டும் ஒரு மாதம் கொடுத்து, கொடுத்தது, விற்றது, திரும்பியது என மூன்று பத்தியாக நோட்டில் எழுதி வாருங்கள். தொடங்குமுன் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு அவசியம். வீட்டு மின் இணைப்பில் வியாபாரத்துக்கு அரைத்தால், சோதனையில் அகப்படும்போது உரிய கட்டணத்தைப் போல் இருமடங்கு விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு. மின்வாரிய அலுவலகத்தில் எந்தக் கட்டண வகை பொருந்தும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மானியத்தோடு கூடிய கடன் வேண்டுமாயின், பெரிய இயந்திரம் வாங்குவதற்கு முன்பே செங்கல்பட்டு மாவட்டத் தொழில் மையத்தை அணுகுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டம் புதிய தொழிலுக்குரியது, நடந்துகொண்டிருக்கும் தொழிலைக் காட்டி அதன் முதல் கடனைப் பெற இயலாது.

மாத முடிவில் திரும்பிய மாவு பத்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் பெரிய கிரைண்டர் வாங்குங்கள். அதற்கு மேலிருந்தால் வாங்காதீர்கள்.