சாடியில் இருப்பதை எழுதுங்கள்

ஆஸ்டின் டவுன், நீலசந்திரா, விவேக் நகர்ப் பகுதிகளில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில், வீட்டிலேயே சத்துமாவு, முருங்கைக்கீரைப் பொடி, மூலிகைத் தலைக்கு எண்ணெய் முதலியவற்றைத் தயாரித்து விற்கும் பெண்கள் பலர் இருக்கிறார்கள். பொருள் தரமாகவே இருக்கிறது. ஆனால் அதை விற்க எழுதப்படும் நோட்டீசும், கைப்பேசியில் அனுப்பப்படும் விளம்பரமும்தான் தகராறாக இருக்கின்றன. இவர்களில் சிலருக்கு நான் நோட்டீஸ் எழுதிக் கொடுப்பதுண்டு. அந்தப் பழக்கத்தில் நான் கடைப்பிடிக்கும் முறையை, முருங்கைப் பொடி ஒன்றையே உதாரணமாக வைத்து இங்கே விளக்குகிறேன்.

முதலில் ஒரு மாதிரி. நான் பார்த்த பல நோட்டீசுகளிலிருந்து பொறுக்கிச் சேர்த்தது இது:

"அற்புத முருங்கைப் பொடி! சர்க்கரை நோய்க்குக் கைகண்ட மருந்து. பாலைவிட 17 மடங்கு கால்சியம். பக்க விளைவு அறவே இல்லை. எங்கள் வாடிக்கையாளர் ஒருவருக்குச் சர்க்கரை 280-லிருந்து 140-க்கு இறங்கியது. அரசு அங்கீகாரம் பெற்றது."

ஐந்து வரிகள். எழுதியவர் யாரையும் ஏமாற்ற நினைத்திருக்க மாட்டார். ஆயினும் இதில் ஒரு வரிகூட நிற்காது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல் வரி நோயின் பெயரைச் சொல்கிறது. நம் நாட்டில் 1954-ஆம் ஆண்டிலேயே, மருந்துகள் மற்றும் மாய சிகிச்சைகள் பற்றிய ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. அதன் அட்டவணையில் 54 நோய்களும் நிலைமைகளும் உள்ளன. சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், புற்றுநோய், இதய நோய், வாதம், உடல் பருமன், சிறுநீரகக் கல் எல்லாம் அதில் அடக்கம். இவற்றைக் குணமாக்கும், தணிக்கும், வராமல் தடுக்கும் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக் கூடாது. "இது மருந்தல்ல, கீரைதானே?" என்று கேட்கலாம். நோயைத் தீர்ப்பதற்கென்று தரப்படும் எந்தப் பொருளும் அச்சட்டத்தின்படி மருந்துதான். சமையலறைப் பொடியை மருந்தாக்குவது நீங்கள் எழுதும் அந்த ஒரு வரியே. "உண்மையாகவே குணமாகிறதே!" என்று வாதாடவும் இதில் இடமில்லை. முதல் முறை தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். விளம்பரம் என்றால் நோட்டீஸ், சுற்றறிக்கை, லேபிள், மேலுறை மட்டுமல்ல, வாயால் செய்யும் அறிவிப்பும் அதில் சேரும்.

சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். இந்த வரியை யார் படிப்பார் என்று எண்ணிப் பாருங்கள். கைப்பேசியில் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பி, இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒரு சிறுவனின் தாயை அது சென்றடையலாம். முதல் வகைச் சர்க்கரை நோயில் உடம்பு இன்சுலினைச் சுரப்பதில்லை. பொடியை நம்பி ஊசியை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து. முருங்கை இலை இரத்தச் சர்க்கரையைக் குறைக்கிறதா என்று சில ஆய்வுகள் நடந்திருப்பது உண்மையே. அவை சிறிய எண்ணிக்கையினரைக் கொண்டு, குறுகிய காலம் நடந்தவை. அவற்றை வைத்து "மருந்து" என்று எழுத முடியாது.

தமிழில் இன்னொரு சிக்கல் உண்டு. "மருந்து" என்ற சொல்லை எடுத்துவிட்டு, "சுகருக்கு நல்லது" என்று எழுதினால் தப்பிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். நாம் "சளிக்கு மிளகு ரசம் நல்லது" என்று சொன்னால், சளி போகும் என்றுதானே பொருள்? "சுகருக்குக் கேட்கும்" என்பதும் அப்படியே. கன்னடத்தில் "ஒள்ளெயது" என்று மாற்றினாலும் அதே அர்த்தம்தான். நோயின் பெயரோடு "கு" என்ற உருபு சேர்ந்துவிட்டால், பின்னால் வரும் சொல் எவ்வளவு மென்மையானாலும் படிப்பவர் காதில் அது மருந்தாகவே விழும். ஆகவே நோயின் பெயரையே எடுத்துவிடுவதுதான் வழி.

இரண்டாவது வரி, பாலைவிட 17 மடங்கு கால்சியம். இது வேடிக்கையான வரி. ஏனெனில் எண் பொய்யல்ல, ஆனால் வரி பொய். நூறு கிராம் காய்ந்த பொடியில் சுமார் 2000 மில்லிகிராம் கால்சியம் இருப்பதாகக் கணக்கு. நூறு கிராம் பாலில் சுமார் 120 மில்லிகிராம். வகுத்தால் 17 மடங்கு வருகிறது. ஆனால் பொடியை யார் நூறு கிராம் சாப்பிடுகிறார்கள்? ஒரு தேக்கரண்டி என்பது ஏறத்தாழ 3 கிராம். அதில் 60 மில்லிகிராம். ஒரு தம்ளர், அதாவது 200 மில்லி பாலில் 240 மில்லிகிராம். ஆக, ஒரு தேக்கரண்டிப் பொடி கால் தம்ளர் பாலுக்குத்தான் சமம். பிள்ளைக்குப் பாலை நிறுத்திவிட்டு, ஒரு ஸ்பூன் பொடி கொடுக்கும் தாய்க்குக் கிடைப்பது 17 மடங்கு அல்ல, நாலில் ஒரு பங்கு. ஒப்பிடுவதானால் உண்ணும் அளவோடு ஒப்பிட வேண்டும்.

சத்தைப் பற்றி எழுதவே கூடாதா? எழுதலாம், ஆனால் சோதனைச் சாலை அறிக்கை கையில் இருக்க வேண்டும். உணவு விளம்பரங்களுக்கென்று 2018-இல் வகுக்கப்பட்ட விதிகளில் இதற்கு அளவுகோல் இருக்கிறது. நார்ச்சத்தை எடுத்துக்கொண்டால், நூறு கிராமில் 3 கிராமாவது இருந்தால்தான் "நார்ச்சத்து உள்ளது" எனலாம். 6 கிராமாவது இருந்தால்தான் "நார்ச்சத்து மிகுந்தது" எனலாம். உங்கள் பொடியைச் சோதித்த அறிக்கை இல்லாமல், எங்கோ படித்த எண்ணைப் போடுவது சரியல்ல. இலையின் முற்றல், காய வைத்த விதம் இவற்றைப் பொறுத்துச் சத்து மாறும்.

மூன்றாவது வரி, பக்க விளைவு அறவே இல்லை. "இல்லை" என்பதை எப்படி நிரூபிப்பது? எல்லா மனிதருக்கும் கொடுத்துப் பார்த்தாலன்றி முடியாது. ஒரே ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் வரி பொய்யாகிவிடும். உதாரணமாக, இதய வால்வு மாற்று அறுவை செய்துகொண்ட சிலர் இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் என்ற மாத்திரை சாப்பிடுவார்கள். கீரைகளில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் குறைக்கும். அவர் திடீரென்று தினமும் கீரைப் பொடி சாப்பிடத் தொடங்கினால் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். "இயற்கையானது, ஆகவே கெடுதல் செய்யாது" என்ற எண்ணம் இங்கே உதவாது.

நான்காவது, வாடிக்கையாளர் சாட்சியம். அவர் பொய் சொல்லவில்லை என்றே வைத்துக்கொள்வோம். 280 சாப்பாட்டுக்குப் பின் எடுத்ததா? 140 வெறும் வயிற்றில் எடுத்ததா? இடையில் மருத்துவர் மாத்திரையைக் கூட்டினாரா? அவர் காலையில் நடக்கத் தொடங்கினாரா? ஒரே நாளிலேயே சர்க்கரை அளவு ஏறி இறங்கும். அதனால்தான் மருத்துவர்கள் ஏறக்குறைய மூன்று மாத நிலையைக் காட்டும் தனிச் சோதனையை எழுதிக் கொடுக்கிறார்கள். மேலும், சொன்னவர் வாடிக்கையாளராக இருந்தாலும், நோட்டீசில் போட்டவர் நீங்கள். பொறுப்பு உங்களுடையதே. சாட்சியம் வேண்டுமென்றால் ருசியைப் பற்றிப் போடுங்கள். "சப்பாத்தி மாவில் கலந்தேன், பிள்ளைகள் முகம் சுளிக்காமல் சாப்பிட்டார்கள்" என்பதில் ஆபத்தில்லை.

ஐந்தாவது, அரசு அங்கீகாரம். உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொடுக்கும் 14 இலக்க எண், நீங்கள் பதிவு செய்துகொண்டு தொழில் செய்கிறீர்கள் என்பதற்கு அடையாளம். அந்தப் பொடி இன்ன பலன் தரும் என்று அரசு சான்று கொடுத்ததாகாது. எண்ணை மட்டும் போடுங்கள். உணவைப் பற்றித் தவறான எண்ணம் தரும் விளம்பரத்துக்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவு பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது.

இதெல்லாம் சிறிய வியாபாரிகளைப் பயமுறுத்தத்தானா, பெரிய கம்பெனிகளை யார் கேட்கிறார்கள் என்று சிலர் சொல்வார்கள். பதஞ்சலி நிறுவனத்தின் வழக்கை அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். 2022 ஜூலையில் அந்நிறுவனம் ஆங்கில மருத்துவத்தைக் குறைகூறி, தீராத நோய்கள் தன் பொருள்களால் தீரும் என்ற வகையில் பத்திரிகை விளம்பரம் செய்தது. இந்திய மருத்துவச் சங்கம் உச்ச நீதிமன்றம் சென்றது. 2023 நவம்பரில், பொய்யாகக் குணம் சொல்லும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கோடி ரூபாய் அபராதம் விதிக்க நேரிடும் என்று நீதிபதிகள் எச்சரித்தார்கள். இனிச் செய்ய மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பின்னும் விளம்பரம் தொடர்ந்ததால், 2024 பிப்ரவரியில் அவமதிப்பு நோட்டீஸ் வந்தது. ஏப்ரலில் 67 நாளிதழ்களில் மன்னிப்பு அச்சிட்டார்கள். விளம்பரம் வந்த அளவிலேயே மன்னிப்பும் வந்ததா என்று நீதிமன்றம் கேட்க, மறுபடியும் பெரிதாக அச்சிட வேண்டியதாயிற்று. ஆகஸ்டில்தான் மன்னிப்பு ஏற்கப்பட்டு, அவமதிப்பு வழக்கு முடிந்தது.

சரி, நோயும் வேண்டாம், அற்புதமும் வேண்டாம் என்றால் எதைத்தான் எழுதுவது? சாடிக்குள் இருப்பதை எழுதுங்கள், வாங்குபவர் உடம்புக்குள் நடக்கப் போவதை எழுதாதீர்கள். சாடிக்குள் இருப்பது உங்களுக்குத் தெரியும், கேட்டால் காட்டவும் முடியும். மேலே கண்ட நோட்டீசை நான் இப்படித் திருத்தி எழுதுவேன்:

"முருங்கைக்கீரைப் பொடி. காம்பு நீக்கி, மூன்று முறை கழுவி, நிழலில் உலர்த்தி அரைத்தது. முருங்கை இலை தவிர உப்பு, நிறம், வேறு எதுவும் சேர்க்கவில்லை. சாம்பார், அடை, சப்பாத்தி மாவில் ஒருவருக்கு ஒரு தேக்கரண்டி சேர்க்கலாம். லேசான கசப்பு இருக்கும். ஈரமில்லாத கரண்டியால் எடுக்கவும். எடை, அரைத்த தேதி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி, விலை, பதிவு எண் பொட்டலத்தின் மேல் உள்ளன. இது உணவுப் பொருள், மருந்தல்ல. தொடர்ந்து மாத்திரை சாப்பிடுபவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு சேர்க்கவும்."

இதில் எழுதியபடியே செய்திருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு முறைதான் கழுவினீர்கள் என்றால் "இரண்டு முறை" என்றே எழுதுங்கள். "லேசான கசப்பு இருக்கும்" என்ற வரியை எடுத்துவிடச் சொல்பவர்கள் உண்டு. நான் எடுப்பதில்லை. கசப்பை முன்கூட்டியே சொன்னால், கெட்டுப்போன பொடி என்று யாரும் திருப்பிக் கொண்டுவர மாட்டார்கள்.

நோட்டீசைக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் மாற்றிக் கொடுக்கும்போது, மொழிபெயர்த்தவரையே வரிவரியாகத் தமிழில் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் எழுதாத "குணமாகும்" எங்காவது நுழைந்திருந்தால் அப்போது அகப்பட்டுவிடும்.

கடைசியாக, காகிதத்தில் ஒழுங்காக எழுதிவிட்டு வாயால் கெடுத்துக்கொள்ளக் கூடாது. வாசலில் நின்று ஒருவர், "அக்கா, இது சுகருக்குக் கேட்குமா?" என்று கட்டாயம் கேட்பார். அதற்கும் பதிலைத் தயாராக வைத்திருங்கள்: "இது கீரைப் பொடிங்க. சுகருக்கு டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தாதீங்க. இதைச் சேர்த்துக்கலாமான்னு அவரையே கேட்டுட்டு வாங்க, பொடி எங்கேயும் போயிடாது."