லுங்கி அடுக்கு இடம் மாறிய கதை
(மேல்நிலை வணிகவியல்: வேலைப் பகிர்வு)

வேலைப் பகிர்வை நடத்தும்போது பெரும்பாலும் ஆதம் ஸ்மித்தின் குண்டூசித் தொழிற்சாலையைச் சொல்லி முடித்துவிடுகிறோம். பத்துப் பேர் வேலையைப் பிரித்துக்கொண்டு நாளொன்றுக்கு 48,000 குண்டூசிகள் செய்தார்கள் என்று 1776-இல் வெளிவந்த நூலில் அவர் எழுதினார். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்துவிடுவார்கள். ஆனால், இரண்டே பேர் இருக்கும் ஒரு சின்னக் கடையில் வேலையைப் பிரித்தால் விற்பனை கூடுமா என்று கேட்டால், யோசிக்காமல் "கூடும் சார்" என்பார்கள். குறையவும் கூடும். அதைக் கணக்கோடு காட்டவே இந்தக் கதை. இதில் வரும் மனிதர்களும் நிமிடக் கணக்கும் வகுப்புக்காகப் புனைந்தவை. ஊர் மட்டும் நமக்குத் தெரிந்த காரைக்கால்மேடு.

செல்வியும் கவிதாவும் அக்காள் தங்கை பிள்ளைகள். செல்வி பெரியம்மா மகள், கவிதா சின்னம்மா மகள். பொங்கலுக்கு முன் இருவரும் சேர்ந்து ஊருக்குள் ஒரு ஜவுளிக்கடை திறந்தார்கள். புடவை, சுடிதார், நைட்டி, ரவிக்கைத் துணி, லுங்கி, துண்டு. இவ்வளவுதான் சரக்கு.

முதல் மாதம் யார் கை ஓய்வாக இருந்ததோ அவர் வந்தவரைக் கவனித்தார். துணி எடுத்துப் போட்டுக் காட்டுவது, மீட்டர் கோலால் அளந்து வெட்டுவது, பில் எழுதிக் காசு வாங்குவது எல்லாமே ஒருவர் வேலை. ஒரு வாடிக்கையாளருக்குச் சராசரியாக 15 நிமிடம் பிடித்தது. காட்டுவதற்கு 10, வெட்டி மடித்து பில் போட 5. அப்படியானால் கூட்டமான ஒரு மணி நேரத்தில் ஆளுக்கு 4 பேர், இருவருமாக 8 பேர்.

விற்பனை மோசமில்லை. ஆனால் இரவில் கணக்குப் பார்க்கும்போது தினமும் ஒரு சச்சரவு.

"ஏண்டி, இந்த ரவிக்கைத் துணிய நீ என்ன விலைக்குக் குடுத்த?"

"ஒட்டியிருக்குற விலைக்குத்தான் குடுத்தேன். நீதான் நேத்து எதுத்த வீட்டு அத்தைக்குப் பத்து ரூபா கொறச்சிட்டியாமே. அவங்க மருமக வந்து எனக்கும் கொறன்னு நிக்கிறா."

ஒரே துணிக்கு இரண்டு விலை. போதாததற்கு, ஒரே நிற நைட்டியை இரண்டு மொத்த வியாபாரிகளிடம் இருவரும் தனித்தனியே சொல்லிவிட்டார்கள். இருபது நைட்டி கூடுதலாக வந்து அடுக்கில் உட்கார்ந்தது.

"அக்கா, நீ துணியக் காட்டு. பில்லும் பெட்டியும் நான் பாத்துக்கிறேன்" என்றாள் கவிதா. செல்வி சம்மதித்தாள்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தி, இனி ஒரு மணி நேரத்தில் எத்தனை பேரைக் கவனிப்பார்கள் என்று மாணவர்களையே சொல்லச் சொல்லுங்கள். ஒரே வேலையைச் செய்யச் செய்யக் கை பழகும். செல்விக்கு எந்த அடுக்கில் எது என்று தெரிந்துவிட்டதால் காட்டும் நேரம் 10-இலிருந்து 8 நிமிடமாகக் குறைந்தது. கவிதாவுக்குக் கத்தரிக்கோலையும் சில்லறையையும் தேடும் வேலை இல்லாததால் 5 நிமிடம் 3 ஆனது. இரண்டுமே முன்னேற்றம். வகுப்பில் 9, 10 என்று குரல்கள் வரும்.

விடை 7. எல்லோரும் செல்வியைத் தாண்டித்தான் கவிதாவிடம் வர வேண்டும். ஒருவருக்கு 8 நிமிடம் என்றால் மணிக்கு 7 பேருக்கு மேல் செல்வியால் முடியாது. ஏழு பேருக்கு பில் போட கவிதாவுக்கு 21 நிமிடம் போதும். மீதி 39 நிமிடம் அவள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆளுக்கு ஆள் வேகம் கூடியும் கடை மொத்தத்தில் ஒருவர் குறைந்துவிட்டார். வேலையைச் சமமில்லாமல் பிரித்ததன் விளைவு இது. கடையில் இதைக் கண்டுபிடிக்கக் கடிகாரம்கூட வேண்டாம். ஓரிடத்தில் ஆட்கள் காத்து நிற்க, இன்னோரிடத்தில் ஒருவர் சும்மா இருந்தால் போதும்.

கவிதா ஒரு வாரம் சும்மா உட்கார்ந்தே இதைக் கவனித்தாள். லுங்கியும் துண்டும் வாங்க வருகிறவர்கள் அதிகம் புரட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு நிமிடத்தில் எடுத்துவிடுவார்கள். ஆனால் அவர்களும் புடவை பார்ப்பவர்களுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். சிலர் "அப்புறம் வரேன்" என்று போய்விட்டார்கள். லுங்கி, துண்டு அடுக்கைத் தூக்கி பில் மேசைக்குப் பின்னால் வைத்தாள். இனி அவர்கள் நேரே அவளிடம் வரலாம். காட்ட 2, பில்லுக்கு 3, ஆக 5 நிமிடம். சும்மா இருந்த 39 நிமிடத்தில் கணக்குப்படி இன்னும் 7 பேர். மொத்தம் 14.

மாணவர்களிடம் ஒன்றைக் கேட்கலாம்: 8-ஐ 14 ஆக்கியது எது? பிரித்தது மட்டும் இல்லை. பிரித்தபோது 7-தான் வந்தது. எந்த வேலை யாரிடம் என்பதோடு, எந்த வாடிக்கையாளர் எந்த வழியில் போகிறார் என்பதையும் மாற்றிய பிறகே 14 வந்தது.

பிரித்ததால் ஒரு புதிய சிக்கலும் முளைத்தது. செல்வி கடன் சொன்னவருக்குத் துணியைக் கொடுத்துவிடுவாள். கவிதா காசு வந்துவிட்டதாக நினைத்துக்கொள்வாள், அல்லது காசு கேட்டுச் சங்கடப்படுவாள். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு வேலை மாறும் இடத்தில்தான் செய்தி தவறும். அதற்கும் ஒரு வழி கண்டார்கள். துணியோடு ஒரு துண்டுச்சீட்டு போகும். அதில் அளவு, விலை, கடனா ரொக்கமா என்பது இருக்கும். சீட்டில்லாத துணியைக் கவிதா மடிக்க மாட்டாள். பெரிய ஜவுளிக்கடைகளில் சீட்டு ஓரிடம், பணம் ஓரிடம், பை வாங்குவது இன்னோரிடம் என்று நம்மை அலைய விடுவது எதற்கென்று இப்போது மாணவர்களுக்கே புரியும்.

கொள்முதலையும் அப்படியே பிரித்தார்கள். ஈரோட்டு ஜவுளிச் சந்தைக்குப் போய்ச் சரக்கு எடுப்பவள் செல்வி. வாடிக்கையாளர் எந்த நிறத்தைக் கேட்டுவிட்டு இல்லையென்று திரும்பினார் என்பது அவளுக்குத்தானே தெரியும். மூட்டை வந்ததும் பில்லோடு ஒப்பிட்டு எண்ணுபவள் கவிதா. எடுத்தவரே எண்ணினால் பிழை வெளியே தெரியாது. உறவுக்காரர்கள் சேர்ந்து நடத்தும் கடையில் இது சந்தேகப்படுவது போலத் தோன்றும். உண்மையில் சந்தேகம் வராமல் காப்பதே இதுதான் என்பது என் எண்ணம்.

ஏப்ரல் 15 வந்தது. ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் நின்றதும் ஊரில் காசுப் புழக்கம் சுருங்கியது. மணிக்கு இரண்டு பேர் வந்தாலே பெரிது. இரண்டு பேருக்காக ஒருத்தி காட்டவும் ஒருத்தி பில் போடவும் காத்திருப்பதில் என்ன லாபம்? காலையில் ஒருத்தி, மாலையில் ஒருத்தி என்று முறை வைத்துக்கொண்டார்கள். கடையில் இருப்பவளே எல்லா வேலையும் பார்த்தாள். சீட்டு மட்டும் நிற்கவில்லை. மறுநாள் மற்றவள் அதைப் பார்த்துக் கணக்கைச் சரிபார்த்தாள்.

வேலையை எவ்வளவு பிரிக்கலாம் என்பது சந்தை எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது என்று ஸ்மித் அதே நூலில் சொல்கிறார். குண்டூசிக்கு அடுத்து இதையும் சொல்லிவிட்டால் நல்லது. ஹென்றி ஃபயோல் தம்முடைய 14 தத்துவங்களில் வேலைப் பகிர்வை முதலில் வைத்தாலும், அதற்கும் ஓர் எல்லை உண்டு என்று சேர்த்தே எழுதினார். அவருடைய பிரெஞ்சு நூல் 1916-இல் வெளிவந்தபோது காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது என்று சொன்னால் பின் வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

வீட்டுப்பாடமாக ஒரு கேள்வி: தீபாவளிக்கு மூன்றாவதாக ஓர் ஆளை வைக்கிறார்கள். வருகிறவர்கள் அநேகமாகப் புடவையும் சுடிதாரும் கேட்கிறவர்கள். புது ஆளை எங்கே நிறுத்துவது? பணம் இருக்கும் இடத்தில் உதவி வேண்டும் என்று பலர் பில் மேசையைச் சொல்வார்கள். கணக்குப் போடச் சொல்லுங்கள். பில் மேசையில் நிறுத்தினால் புடவை வாங்குவோர் மணிக்கு அதே 7 பேர்தான். துணி காட்டும் இடத்தில், செல்விக்கு இணையாகக் கை பழகிய பிறகு, 14 பேர். பதினான்கு பில்லுக்கு 42 நிமிடம். கவிதா ஒருத்தியே அதைச் சமாளித்துவிடுவாள். இடையில் லுங்கி கேட்டு வருகிற மூன்று பேரையும் அனுப்பிவைக்கலாம்.