சந்தா ஏன் பற்றாகவில்லை? செயலிகளுக்கான தானியங்கிப் பற்று ஆணை தவறும் இடங்கள்

மாதந்தோறும் ஒரு குறிப்பிட்ட நாளில், செயலி ஒன்றின் சந்தாத் தொகையைத் தம் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளுமாறு வாடிக்கையாளர் அளிக்கும் நிலையான அனுமதியே தானியங்கிப் பற்று ஆணை ஆகும். வங்கி வழக்கில் இதனை ‘இ-மேண்டேட்’ என்கிறோம். பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனைப் போல, வீட்டிலிருந்தே தொழில் செய்வோரும் ஓய்வூதியர்களும் கலந்து வாழும் பகுதியில் உள்ள வங்கிக் கிளைக்கு இது குறித்து அடிக்கடி வரும் கேள்வி ஒன்றுதான்: “கணக்கில் பணம் இருக்கிறதே சார், பிறகு ஏன் திரும்பியது?”

கணக்கில் பணம் இருப்பது பல நிபந்தனைகளுள் ஒன்று மட்டுமே. மற்றவை எவை என்பதை அறிய, இந்த ஏற்பாடு எவ்வாறு இயங்குகிறது என்பதை முதலில் பார்ப்போம்.

விதி மாறிய நாள்

முன்பெல்லாம் அட்டை எண்ணை ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும்; நிறுவனம் தான் விரும்பிய நாளில் தொகையை எடுத்துக்கொள்ளும். வாடிக்கையாளர் அறியாமலே பணம் போவதைத் தடுக்க, ரிசர்வ் வங்கி 2019 ஆகஸ்ட் மாதத்தில் புதிய நெறிமுறையை வெளியிட்டது. 2020 ஜனவரியில் அது யு.பி.ஐ. வழிப் பற்றுகளுக்கும் விரிவாக்கப்பட்டது. நிறுவனங்களும் வங்கிகளும் அதற்கேற்ப மாறுவதற்கு அளிக்கப்பட்ட இறுதிக் கெடு 2021 செப்டம்பர் 30 அன்று முடிந்தது. மறுநாள் அக்டோபர் 1 முதல், நெறிமுறைக்கு உட்படாத பழைய ஆணைகள் செல்லாதவையாயின. நாடு முழுவதும் எண்ணற்ற சந்தாக்கள் அம்மாதத்தில் தடைப்பட்டமைக்குக் காரணம் இதுவே. அப்போது யாருடைய கணக்கிலும் குறை இருக்கவில்லை. ஆணையின் வடிவமே மாறியிருந்தது.

புதிய நெறிமுறையின்படி ஓர் ஆணை மூன்று படிகளைக் கடக்க வேண்டும். முதலாவது பதிவு. இதில் வாடிக்கையாளர் ஒருமுறைக் கடவுச்சொல் அல்லது யு.பி.ஐ. இரகசிய எண் கொண்டு ஒப்புதல் அளிக்கிறார். இரண்டாவது முன்னறிவிப்பு. தொகை பற்றாவதற்குக் குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன் நிறுவனத்தின் பெயர், தொகை, நாள் ஆகியவற்றைக் குறிப்பிட்டு ஒரு செய்தி வர வேண்டும். மூன்றாவதே பற்று. தொகை 15,000 ரூபாய்க்குள் இருந்தால் இந்நாளில் மீண்டும் கடவுச்சொல் தேவையில்லை. 2021-இல் 5,000 ரூபாயாக இருந்த இவ்வரம்பு 2022 ஜூன் மாதத்தில் 15,000 ஆக உயர்த்தப்பட்டது.

முன்னறிவிப்பு வந்ததா?

சந்தா தவறியவுடன் வாடிக்கையாளர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய முதற்கேள்வி இதுதான். முன்னறிவிப்புச் செய்தி வரவேயில்லை எனில், பற்றுக் கோரிக்கை பெரும்பாலும் கணக்கு வரை வந்து சேரவில்லை என்று கொள்ளலாம். ஆணை பதிவாகவில்லை, காலாவதியாகிவிட்டது, இரத்துச் செய்யப்பட்டது, அல்லது பழைய அட்டையுடன் நின்றுவிட்டது என்பன அதற்கான காரணங்கள். செய்தி வந்தும் பணம் போகவில்லை எனில், ஆணை உயிரோடு இருக்கிறது. பற்று நாளில் கணக்கிலோ அட்டையிலோ தடை நேர்ந்திருக்கிறது என்று பொருள். இவ்வொரு வேறுபாட்டைச் சொல்லிவிட்டாலே கிளையில் விசாரணை பாதியாகக் குறையும்.

ஓர் எடுத்துக்காட்டு

வீட்டில் தையற்கூடம் நடத்தும் ஒரு பெண்மணியைக் கொள்வோம். வரவு செலவு எழுதும் செயலி ஒன்றிற்கு மாதம் 499 ரூபாய் சந்தா. ஒவ்வொரு மாதமும் 6-ஆம் நாள் பற்று அட்டை வழியாகத் தொகை செல்லும். ஒரு மாதம் அவருடைய அட்டை காலாவதியாகி, புதிய எண்ணுடன் வேறு அட்டை வந்தது. கணக்கு எண் மாறவில்லை. இருப்பும் போதிய அளவு இருந்தது. ஆயினும் 6-ஆம் நாள் சந்தா நின்றது. முன்னறிவிப்பும் வரவில்லை.

காரணம் எளிது. அவர் ஆணையைப் பதிந்தது கணக்கின்மீது அன்று, அட்டையின்மீது. அந்த அட்டை மூடப்பட்டதும் அதனைச் சார்ந்த ஆணையும் நின்றுபோயிற்று. புதிய அட்டை கிடைத்த வாரத்திலேயே, அட்டையோடு பிணைந்த சந்தாக்களைப் பட்டியலிட்டு மறுபதிவு செய்வது இதற்குத் தீர்வு.

அவர் புதிய அட்டையின் விவரங்களைச் செயலியில் உள்ளிட்டார். இம்முறை பதிவே நிராகரிக்கப்பட்டது. இங்குக் காரணம் வேறு. ரிசர்வ் வங்கியின் 2020-ஆம் ஆண்டு ஆணைப்படி, புதிதாகவோ மாற்றாகவோ வழங்கப்படும் அட்டை, உள்நாட்டில் ஏ.டி.எம்-இலும் கடைகளின் இயந்திரத்திலும் மட்டுமே இயங்கும் நிலையில் தரப்படுகிறது. இணையவழிப் பரிவர்த்தனையை வாடிக்கையாளரே இயக்கிவைக்க வேண்டும். பழைய அட்டையில் அவர் அதனை இயக்கியிருந்தார். புதிய அட்டைக்கு அத்தேர்வு தானாக வந்து சேரவில்லை. வங்கிச் செயலியின் அட்டைப் பகுதியில் இணையப் பயன்பாட்டை இயக்கி, நாள் வரம்பையும் நிர்ணயித்த பின் பதிவு நிறைவேறியது. செயலியின் நிறுவனம் வெளிநாட்டில் பணம் பெறுவதாக இருந்தால், வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கான தேர்வையும் தனியே இயக்க வேண்டியிருக்கும்.

இவ்விரு தடைகளும் ஒரே சந்தாவில் அடுத்தடுத்து நேர்ந்தவை. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ‘பணம் போகவில்லை’ என்ற ஒரே செய்தியாகத் தோன்றும். ஆனால் முதலாவதற்கு மருந்து மறுபதிவு. இரண்டாவதற்கு மருந்து அட்டையின் அமைப்பை மாற்றுதல்.

தொகை வரம்பைத் தாண்டினால்

அதே சந்தா பின்னர் 599 ரூபாயாக உயர்ந்தது என்று வைத்துக்கொள்வோம். ஆணையில் 499 என்று நிலையான தொகை பதிவாகியிருந்தால், 599-க்கான கோரிக்கை ஏற்கப்படாது. வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட தொகைக்கு மேல் ஒரு ரூபாயும் எடுக்க வங்கிக்கு உரிமையில்லை. இந்நிலையில் தோல்வி என்பது வாடிக்கையாளருக்கான பாதுகாப்பே ஆகும். புதிய விலை அவருக்கு ஏற்புடையதாயின், ஆணையைத் திருத்தி மீண்டும் ஒப்புதல் தர வேண்டும்.

மாறாக, ஆணை ‘உச்ச வரம்பு 1,000 ரூபாய்’ என்று பதிவாகியிருந்தால் 599 தடையின்றிச் செல்லும். இவ்விடத்தில் கவனம் தேவை. இலவசச் சோதனைக் காலம் என்ற பெயரில் ஒரு ரூபாய் மட்டும் பெற்றுக்கொண்டு, ஆணையில் பெரிய உச்ச வரம்பைப் பதிந்துகொள்ளும் செயலிகள் உண்டு. இரகசிய எண்ணை இடும் முன், திரையில் தோன்றும் உச்சத் தொகை, கால இடைவெளி, முடிவு நாள் ஆகிய மூன்றையும் படித்துவிட வேண்டும். அந்த முடிவு நாள் கடந்த பின்னும் சந்தா பற்றாகாது என்பதை நினைவிற்கொள்க.

ஆண்டுச் சந்தா 15,000 ரூபாயைத் தாண்டினால், ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளரின் ஒப்புதல் கேட்கப்படும். அச்செய்தியைக் கவனியாது விட்டால் பற்று நிறைவேறாது. காப்பீட்டுப் பிரீமியம், பரஸ்பர நிதி, கடன் அட்டைக் கட்டணம் ஆகியவற்றிற்கு இவ்வரம்பு 2023 டிசம்பரில் ஒரு லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. செயலிச் சந்தாக்கள் அப்பட்டியலில் இல்லை.

முன்னறிவிப்பு வந்தும் தவறினால்

இங்குப் பெரும்பாலும் காரணம் இருப்புக் குறைவே. ஆனால் எந்தக் கணக்கின் இருப்பு என்பதைப் பார்க்க வேண்டும். யு.பி.ஐ. செயலியில் முதன்மைக் கணக்கை மாற்றியவர்கள், சந்தாவும் புதிய கணக்கிற்கு மாறிவிட்டதாகக் கருதிவிடுகின்றனர். ஆணை எந்தக் கணக்கில் பதிவாயிற்றோ அதிலிருந்தே தொகை கோரப்படும். வேலை மாறியபின் வெறுமையாய்க் கிடக்கும் பழைய சம்பளக் கணக்கில் ஆணை திரும்புவது இதனால்தான். வாடிக்கையாளர் விவரங்களைப் புதுப்பிக்காமையால் கணக்கில் பற்று நிறுத்தப்பட்டிருந்தாலும், அட்டை தற்காலிகமாக முடக்கப்பட்டிருந்தாலும் இதே விளைவு நேரும்.

இருப்புக் குறைவால் தவறிய யு.பி.ஐ. பற்று அத்துடன் முடிந்துவிடுவதில்லை. தேசியக் கொடுப்பனவுக் கழகத்தின் விதிப்படி, 2025 ஆகஸ்ட் 1 முதல், ஓர் ஆணைக்கு ஒரு முயற்சியும் அதன்பின் அதிகபட்சம் மூன்று மறுமுயற்சிகளும் செய்யப்படலாம். இவை நெரிசல் நேரங்களில் நடைபெறா. காலை 10 மணிக்கு முன்பும், பிற்பகல் 1 முதல் 5 மணி வரையிலும், இரவு 9.30 மணிக்குப் பின்பும் நடைபெறும்.

இதில் ஓர் இழப்பு மறைந்திருக்கிறது. காலையில் பற்று தவறியதைக் கண்ட வாடிக்கையாளர், சேவை நின்றுவிடுமே என்று பதறி, உடனே செயலியில் கையால் பணம் செலுத்திவிடுகிறார். கணக்கிலும் பணம் போடுகிறார். இரவில் மறுமுயற்சி வெற்றியடைந்து அதே மாதத்திற்கு இருமுறை பணம் போய்விடக்கூடும். ஆகவே கையால் செலுத்தும் முன், கோரிக்கை இன்னும் நிலுவையில் உள்ளதா என்று செயலியின் சந்தாப் பக்கத்தில் பார்த்துவிடுவது நல்லது. இருமுறை சென்ற தொகையை முதலில் அந்நிறுவனத்திடமே திரும்பக் கோர வேண்டும்; இரண்டு பரிவர்த்தனைகளின் குறிப்பு எண்களும் அதற்குச் சான்றாகும்.

நிறுத்துவதும் முறையிடுவதும்

கைப்பேசியிலிருந்து செயலியை நீக்கிவிட்டால் ஆணை நீங்கிவிடாது. செயலியில் சந்தாவை இரத்துச் செய்த பின், வங்கிச் செயலியிலோ யு.பி.ஐ. செயலியின் ‘ஆட்டோ பே’ பகுதியிலோ ஆணையையும் இரத்துச் செய்ய வேண்டும். முன்னறிவிப்பு வந்தபின்னும், அந்த ஒரு பற்றை மட்டுமோ ஆணை முழுவதையுமோ விலக்கிக்கொள்ள வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. அட்டைமீதான ஆணை வசதிக்காக வங்கி கட்டணம் எதுவும் பெறலாகாது என்பதும் ரிசர்வ் வங்கியின் விதியாகும்.

கிளைக்கு வருகையில் முன்னறிவிப்புக் குறுஞ்செய்தி, தோல்விச் செய்தி, செயலியில் காணும் சந்தாத் தொகை ஆகியவற்றைக் கொண்டுவந்தால், எப்படியில் தடை நேர்ந்தது என்பதை அங்கேயே கூறிவிட இயலும். எழுத்து மூலம் அளித்த முறையீட்டிற்கு வங்கி 30 நாட்களுக்குள் விடை தராவிட்டாலோ, விடை நிறைவளிக்காவிட்டாலோ, cms.rbi.org.in என்ற தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.