காது மந்தமான பெரியவரோடு பேசுவது எப்படி? தேக்காவில் ஒரு பயிற்சி

தேக்கா சென்டரின் உணவங்காடியில், காது மந்தமான மாமா ஒருவரோடு தேநீர் குடிக்கப் போகிறோம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு பலதுறை மருந்தகத்தில் அவருக்கு நேரம் குறித்திருக்கிறார்கள். அதை அவரிடம் சொல்ல வேண்டும்.

முதலில் எதை விடுவது?

"என்ன செல்லம், டீ குடிக்கலாமா?" என்ற குழந்தைக் கொஞ்சலை விட்டுவிடுவோம். அவரை உட்கார வைத்துக்கொண்டே மகனிடம் "அப்பாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்பதையும்தான். அமெரிக்க முதியோர் இல்லங்களில் மறதி நோயாளிகளிடம் இப்படிக் கொஞ்சிப் பேசியபோது, அவர்கள் பராமரிப்புக்கு ஒத்துழைக்க மறுப்பது கூடியதை 2009இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. நினைவு மங்கியவர்களுக்கே அது உறைக்கிறது!

ஏன் கேட்பதில்லை?

வயதாகும்போது பெரும்பாலும் உயர் சுருதி ஒலிகள்தான் முதலில் மங்கும். உயிரொலி கேட்கும், க, ச, த, ப போன்றவை நழுவும். "கடை", "தடை", "படை" மூன்றும் ஒன்றுபோலத் தோன்றும். அதனால்தான் "நீ பேசுறது கேக்குது, என்னன்னுதான் புரியலை" என்கிறார்கள். குரலைக் கீச்சென்று உயர்த்தினால், அவருக்குக் கேட்காத பக்கமாகவே நாம் போகிறோம்.

எங்கே உட்காருவது?

கடைகளையும் மின்விசிறியையும் விட்டு விலகி, சுவரோரமாக ஒரு மேசை. அவருக்குச் சுவர் முதுகுப்பக்கம் இருக்கட்டும். வெளிச்சம் நம் முகத்தில் விழ வேண்டும். உதட்டசைவும் அவருக்கு உதவும். எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று அவரையே கேட்டு, ஒரு கை தூரத்தில் அமர்வோம்.

எப்படிச் சொல்வது?

அவர் நம்மைப் பார்த்த பிறகே தொடங்குவோம். "மாமா, மருந்தகம் போறது பத்தி" என்று விஷயத்தை முதலில் வைத்துவிட்டால், வரப்போகும் சொற்களை அவரே ஊகித்துக்கொள்வார். பிறகு, "வியாழக்கிழமை. காலைல பத்து மணி." வழக்கமான குரல், சற்றே நிதானம், நடுவில் சின்ன இடைவெளி. ஒவ்வோர் அசையாக இழுக்க வேண்டாம். உதட்டின் வடிவம் கெட்டுவிடும்.

புரியவில்லையா? ஒருமுறை திருப்பிச் சொல்வோம். அடுத்த முறை வாக்கியத்தையே மாற்றுவோம்: "பசியாறிட்டுக் கிளம்பினா சரியா இருக்கும், பத்து மணிக்கு." எட்டா பத்தா என்ற குழப்பம் வந்தால், தாளில் எழுதிக் காட்டுவதில் தவறே இல்லை.

எச்சரிக்கை

தலையாட்டுவதைப் புரிதல் என்று நம்பிவிடாதீர்கள். மறுபடி கேட்கக் கூச்சப்பட்டுப் பலர் ஆட்டிவிடுவார்கள். அதற்காக "நான் என்ன சொன்னேன், சொல்லுங்க" என்று பரீட்சை வைப்பது மோசம். "உங்களை வீட்டுக்கு வந்து கூட்டிப்போகவா, பஸ் ஸ்டாப்ல சந்திப்போமா?" என்று கேளுங்கள். இதற்கு "ஆமாம்" என்று பதில் வந்தால் கேட்கவில்லை என்று பொருள்.

கத்தவும் வேண்டாம். செவி மங்கியவர்களில் பலருக்கு மெல்லிய ஒலி கேட்காது, உரத்த ஒலியோ தாங்க முடியாததாக இருக்கும்.

காதைச் சோதிக்க எவ்வளவு ஆகும்?

60 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூரர்களுக்குக் கண், காது, பல் மூன்றையும் சோதிக்கும் அரசுத் திட்டம் உண்டு. கட்டணம் 5 வெள்ளிக்குள். குறை தெரிந்தால் அடுத்து மருத்துவர். சில நேரம் காதுக் குரும்பி எடுத்தாலே போதும். காது கேட்கும் கருவி தேவையென்றால், குடும்ப வருமானத்தைப் பொறுத்து 90 விழுக்காடு வரை மானியம் கிடைக்கலாம். அதை விசாரித்த பிறகே வாங்குங்கள். எந்தக் கருவி என்பதை மாமாவே முடிவு செய்யட்டும்.