பின்னோக்கி ஓடும் கடிகாரம் உண்மையானதா?

இணையக் கடைகளில் சில பொருட்களின் விலைக்கு அருகே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடுவதைக் காண்கிறோம். அதன் கீழே “இன்னும் 3 மட்டுமே உள்ளன” என்ற அறிவித்தலும் இருக்கும். இவை உண்மையாயின் நமக்கு உதவும். பொய்யாயின், வேறு கடையில் விலை விசாரிக்கும் அவகாசத்தை நம்மிடமிருந்து பறித்துவிடும்.

2019இல் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஏறக்குறைய 11,000 இணையக் கடைகளை ஆராய்ந்தனர். சில கடைகளில் நேரம் முடிந்த பின்னும் அதே சலுகை தொடர்ந்தது. வேறு சிலவற்றில் எஞ்சிய தொகை, கணினி எழுமானமாகத் தந்த எண்ணாகவே இருந்தது.

ஓர் உதாரணத்தின் மூலம் இதைப் பரிசோதிக்கும் முறையைப் பார்ப்போம். ஒரு நீர்ப்பம்பியின் விலை 18,500 ரூபா. சலுகை முடிய 15 நிமிடங்கள் உள்ளன என வைத்துக்கொள்வோம்.

1. விலையையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, 5 நிமிடங்களின் பின் பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும். கடிகாரம் மீண்டும் 15இல் தொடங்கினால், பக்கம் திறக்கப்படும்போதெல்லாம் அது புதிதாக ஓடுகிறது என்பது தெளிவு.

2. மாறாக 10 எனக் காட்டினாலும் உடனே நம்பிவிட முடியாது. நாம் முதலில் வந்த நேரத்தை நமது தொலைபேசியிலேயே அந்தத் தளம் பதிந்து வைத்திருக்கலாம். குரோம் உலாவியில் New Incognito tab என்பதைத் தெரிந்து, அதே பக்கத்தைத் திறக்க வேண்டும். அங்கே 15 எனக் காட்டினால், கடிகாரம் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஓடுகிறது.

3. இரண்டிலும் ஒரே நேரம் காட்டினாலும், நள்ளிரவில் முடிந்து மறுநாள் மீண்டும் தொடங்கும் கடிகாரமாக அது இருக்கலாம். ஆகவே பூச்சியத்தைத் தாண்டும்வரை காத்திருந்து, பின்னரும் மறுநாளும் விலையைப் பார்க்க வேண்டும். அப்போதும் 18,500 ரூபாவே என்றால், சொல்லப்பட்ட முடிவு உண்மையானதல்ல.

இம்மூன்றினுள் தீர்ப்புச் சொல்வது கடைசிச் சோதனையே. முதலிரண்டும் ஐயத்தை மட்டுமே தருகின்றன. ஏனெனில் பயணச்சீட்டு விற்கும் தளங்கள் ஓர் ஆசனத்தைச் சில நிமிடங்களுக்கு ஒருவருக்கென உண்மையாகவே ஒதுக்கி வைப்பதுண்டு. அங்கும் கடிகாரம் ஆளுக்காள் வேறுபடும்.

எஞ்சிய தொகையை அறிய, அதே பக்கத்தை ஒரே வேளையில் இரு தொலைபேசிகளில் திறந்து பார்க்கலாம். ஒன்றில் 3, மற்றதில் 7 என்றால் அந்த எண்ணை நம்ப முடியாது. பணம் செலுத்தாமல், கூடையில் 10 பம்பிகளைச் சேர்த்தும் பார்க்கலாம். “3 மட்டுமே” என்ற கடை பத்தையும் ஏற்றால் ஐயம் வலுக்கிறது. எனினும் சில கடைகள் கையிருப்புக்கு மேலும் கட்டளை பெற்றுப் பின்னர் தருவிப்பதால், இது மட்டும் முடிந்த சான்றாகாது. மறுநாள் எண் கூடியிருப்பதும் அவ்வாறே. புதிய சரக்கு வந்திருக்கலாம்.