ஒரு கோட்டை வீடியோ, ஐந்து ஷார்ட்ஸ்: தலைப்பை எழுதிவிட்டு வெட்டுங்கள்

செஞ்சிக்கோட்டையைச் சுற்றிக்காட்டும் நாற்பது நிமிட வீடியோ ஒன்று உங்கள் கைக்கு வருகிறது. ஊர்க்காரர் ஒருவர் பேசிக்கொண்டே நடக்கிறார். கல்யாண மகால், களஞ்சியம், வெங்கடரமணர் கோயில், ராஜகிரி உச்சி என்று காமிரா அவர் பின்னாலேயே போகிறது. "இதிலிருந்து ஐந்து ஷார்ட்ஸ் வேண்டும், டைட்டிலும் டேக்கும் நீங்களே போட்டுவிடுங்கள்" என்கிறார் சேனல் வைத்திருப்பவர். புதிதாக எடிட்டிங் வேலைக்கு வருகிறவர்களுக்கு இப்போது பெரும்பாலும் இப்படிப்பட்ட வேலைதான் முதலில் கிடைக்கிறது.

பலரும் செய்வது இது: அழகான காட்சிகளாக ஐந்தை வெட்டுகிறார்கள். பிறகு 'செஞ்சிக்கோட்டை பாகம் 1' தொடங்கி 'பாகம் 5' வரை பெயர் வைக்கிறார்கள். ஒரே டேக் வரிசையை ஐந்துக்கும் ஒட்டுகிறார்கள். பாகம் 3 என்ற தலைப்பைப் பார்ப்பவருக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. முதல் இரண்டையும் பார்க்காததால் தனக்கு இது ஆகாது என்று நினைத்துக்கொள்வார். அதைத் தேடி வருகிற ஆளும் இல்லை. 'பாகம் 3' என்று யாரும் தேடுவதில்லை.

வேலையைத் தலைகீழாகச் செய்யுங்கள். முழு வீடியோவையும் ஒருமுறை வெட்டாமல் பாருங்கள். பேச்சில் ஒரு விஷயம் தொடங்கி முடிகிற இடம் வந்தால் நேரத்தைக் குறித்து, பக்கத்திலேயே அதற்கு ஒரு தலைப்பு எழுதிப் பாருங்கள். தலைப்பில் ஒரு பொருளோ, ஆளோ, கேள்வியோ வந்து உட்கார வேண்டும். 'கோட்டையின் அழகு' என்பதற்கு மேல் ஒன்றும் எழுத வரவில்லை என்றால் அந்தத் துண்டு பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் கிளிப் ஆகாது. களஞ்சியத்தின் உட்புறம் படத்தில் பிரமாதமாக இருக்கும். ஆனால் பேசுகிறவர் அங்கே "எவ்வளவு பெரிசு பாருங்க" என்பதோடு நிறுத்தியிருந்தால் அதை விட்டுவிட வேண்டியதுதான்.

ராஜகிரி ஏறும் பகுதியை எடுத்துக்கொள்வோம். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து ஆழமான இடைவெளி இருக்கிறது. அதன் மேல் போட்ட மரப்பாலத்தைக் கடந்துதான் மேல்கோட்டைக்குப் போக வேண்டும். அங்கே நின்று பேசுகிறவர், பாலத்தை எடுத்துவிட்டால் எதிரிப் படை மேலே வரவே முடியாது என்று விளக்குகிறார். குறிப்பேட்டில் தலைப்பு தானாக வருகிறது: 'ராஜகிரி உச்சிக்கு ஒரே வழி: இந்த மரப்பாலம்'. இது கிளிப். தொடக்கம் 18:05, முடிவு 18:52 என்று வைத்துக்கொள்வோம்.

வெட்டும்போது முதல் சொல்லைக் கவனியுங்கள். நடந்துகொண்டே பேசுகிறவர் "அதுக்கு மேல போனா இது வரும்" என்றுதான் தொடங்குவார். முழு வீடியோ பார்ப்பவருக்கு அது போதும். கிளிப்பில் 'அது' எது, 'இது' எது என்று தெரியாது. பாலம் என்ற சொல் முதலில் வருகிற வாக்கியத்திலிருந்து தொடங்குங்கள். அப்படி ஒரு வாக்கியம் இல்லையென்றால் 'ராஜகிரி மரப்பாலம், செஞ்சி' என்று திரையில் எழுத்துப் போடுங்கள். எழுத்தைத் திரையின் கீழ்ப்பகுதியில் போடாதீர்கள். யூடியூப் தலைப்பும் சேனல் பெயரும் அங்கே வந்து மறைத்துவிடும். வலது ஓரத்தைப் பொத்தான்கள் எடுத்துக்கொள்ளும்.

முடிவு இன்னும் முக்கியம். தமிழில் வாக்கியத்தின் உயிர் கடைசியில் இருக்கிறது. தேசிங்கு பற்றிய பகுதியில் பேசுகிறவர் இப்படிச் சொல்கிறார் என்று வையுங்கள்: "தில்லி பாதுஷாவோட அடங்காத குதிரையைத் தேசிங்கு அடக்கினாரு... அப்படின்னு கதைப்பாட்டுல வரும்." இடையே ஒரு மூச்சு விடுகிறார். எடிட்டரின் கை அந்த இடைவெளியைக் கண்டதும் வெட்டப் பார்க்கும், அலைவடிவத்தில் அங்கே சுத்தமான வெற்றிடம் தெரிவதால். அங்கே வெட்டினால், கதைப்பாட்டில் வருவது வரலாறாகிவிடும். சொன்னவர் நேர்மையாகத்தான் சொன்னார். அவரைப் பொய் சொல்ல வைத்தது உங்கள் கத்திரி. 'என்பார்கள்', 'என்று ஒரு நம்பிக்கை', 'கதைப்பாட்டில் வரும்' என்ற வால்களைத் தேடிப் பிடித்து உள்ளே வைப்பது இந்த வேலையில் தலையாய ஒழுக்கம் என்று நினைக்கிறேன். பழைய இடங்களைப் பற்றிய வீடியோக்களில் பாதிப் பேச்சு இந்த வால்களில்தான் தொங்குகிறது.

தலைப்பிலும் அதே எச்சரிக்கை வேண்டும். 'தேசிங்கு கட்டிய கோட்டை' என்று எழுதினால் கிளிக் வரலாம், ஆனால் அது தவறு. கோட்டை அவருக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. தேஜ்சிங் என்ற தேசிங்கு, ஆற்காடு நவாப் சாதத்துல்லா கானின் படையை எதிர்த்து 1714இல் போரில் மாண்டவர். தந்தை சொரூப்சிங் இறந்த பிறகு அவர் கையில் செஞ்சி இருந்தது மிகக் கொஞ்ச காலம். முழு வீடியோவில் இதெல்லாம் முன்னும் பின்னும் வரும், கிளிப்பில் வராது. அங்கே தலைப்புதான் முன்னும் பின்னும். 'நவாப் படையை எதிர்த்து நின்ற தேசிங்கு: செஞ்சி, 1714' என்பது உண்மையாகவும் இருக்கிறது, தேடலிலும் நிற்கிறது.

தேடலில் நிற்கிறது என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. வெறும் 'தேசிங்கு ராஜா' என்று போட்டால் 2013இல் வந்த அதே பெயர்ப் படத்தின் பாட்டும் நகைச்சுவைக் காட்சிகளும் உங்களைப் புதைத்துவிடும். 1960இல் வந்த எம்.ஜி.ஆர். படமும் அருகில் நிற்கும். படம் தேடி வந்தவர் உங்கள் கோட்டையைக் கண்டதும் அடுத்த நொடி நகர்ந்துவிடுவார். 'செஞ்சி'யும் ஆண்டும் சேர்ந்தால் வருகிற ஆள் சரியான ஆள்.

தலைப்புக்கு யூடியூப் கொடுக்கிற இடம் 100 குறிகள். தமிழில் அது பாதியாகச் சுருங்கும், ஏனென்றால் கணினிக்கு உயிர்க்குறியும் புள்ளியும் தனிக் குறிகள். 'செஞ்சிக்கோட்டை' நம் கண்ணுக்கு ஏழு எழுத்து, எண்ணிக்கையில் 14. போதாக்குறைக்கு, கைபேசியில் முதல் நாலைந்து சொல்தான் கண்ணில் படும். ஆகவே ராஜகிரி, தேசிங்கு போன்ற கிளிப்புக்கே உரிய பெயர் முன்னால் வரட்டும்.

இனி டேக். இதைப் பற்றிய மயக்கம் அதிகம். வீடியோவை ஆட்களிடம் கொண்டுசேர்ப்பதில் டேக்குக்குப் பங்கு மிகக் குறைவு, எழுத்துப்பிழையோடு தேடப்படும் பெயர்களுக்குத்தான் அது பயன்படும் என்று யூடியூப்பே தன் உதவிப் பக்கத்தில் சொல்கிறது. செஞ்சிக்கு அது பொருத்தமான மருந்து. இந்த ஊர்ப் பெயரை ஆங்கில எழுத்தில் ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக அடிக்கிறார்கள். தமிழிலும் ஒருவர் சேர்த்து எழுதுவார், ஒருவர் பிரித்து எழுதுவார். பாலம் கிளிப்புக்கு இவ்வளவு போதும்:

```
ராஜகிரி மரப்பாலம், செஞ்சி கோட்டை, செஞ்சிக்கோட்டை, senji kottai, gingee fort, jinji fort, rajagiri
```

டேக் பெட்டியில் மொத்தம் 500 குறிகள் வரை இடம் இருக்கிறது என்பதற்காக அதை நிரப்ப வேண்டியதில்லை. டேக் குவியலை அப்படியே விவரப் பகுதியில் கொட்டுவதும் கூடாது; அது யூடியூப் விதிக்கு எதிரானது. விவரத்தில் ஹாஷ்டேக் வேண்டுமானால் இரண்டு மூன்று போடுங்கள். 60க்கு மேல் போனால் யூடியூப் ஒன்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ளாது.

ஒவ்வொரு கிளிப்புக்கும் ஏன் தனி டேக்? வெங்கடரமணர் கோயில் பகுதியைப் பாருங்கள். பிரெஞ்சுக்காரர்கள் 1750இல் செஞ்சியைப் பிடித்தார்கள். இந்தக் கோயிலின் செதுக்குத் தூண்களைப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்கள் என்பது பலரும் அறிந்த செய்தி. இந்த ஒரு நிமிடத்தைத் தேடக்கூடியவர் செஞ்சிக்கு வருகிறவர் அல்ல, புதுச்சேரிக்குப் போகிறவர். 'புதுச்சேரி காந்தி சிலைத் தூண்கள் வந்தது செஞ்சியிலிருந்து' என்று தலைப்பு வைத்து, டேக்கையும் அந்தப் பக்கம் திருப்புங்கள்:

```
புதுச்சேரி காந்தி சிலை, செஞ்சி தூண்கள், pondicherry gandhi statue, gingee venkataramana temple, senji
```

மராட்டியர் பற்றிய பகுதி இன்னொரு கூட்டத்துக்கு உரியது. சிவாஜி 1677இல் செஞ்சியைக் கைப்பற்றினார். பின்னாளில் அவர் மகன் ராஜாராம் இங்கிருந்தபடி முகலாயரின் நீண்ட முற்றுகையைத் தாங்கினார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி ஒன்றுதான். அதைத் தேடுகிற மராட்டிக்காரர் `jinji` என்றும் `rajaram maharaj` என்றும் அடிக்கலாம். `rajaram maharaj` என்ற டேக் பாலம் கிளிப்புக்குச் சுமை, இந்தக் கிளிப்புக்கோ வாசல்.

கருவி விஷயத்தைச் சுருக்கமாக முடிக்கிறேன். எந்த எடிட்டிங் செயலியும் போதும். இலவசமான ffmpeg தெரிந்தவர்களுக்கு, கிடைமட்ட வீடியோவின் நடுப்பகுதியை நிமிர்த்தி வெட்ட ஒரே வரி:

```
ffmpeg -ss 00:18:05 -to 00:18:52 -i senji.mp4 -vf "crop=ih*9/16:ih,scale=1080:1920" -c:v libx264 -c:a aac palam.mp4
```

வேகம் வேண்டி `-c copy` போடாதீர்கள். அதில் இப்படி நிமிர்த்த முடியாது. வெட்டும் நீங்கள் சொன்ன நொடியில் விழாமல் அருகிலுள்ள முதன்மைச் சட்டகத்தில் விழும், தொடக்கத்தில் படம் உறைந்து நிற்கக்கூடும். மூல வீடியோ 4K ஆக இருந்தால் நிமிர்த்தி வெட்டிய பிறகும் படம் தெளிவாக இருக்கும். சாதாரண 1080இல் எடுத்ததென்றால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கே மிஞ்சுவதால் மங்கும். ஷார்ட்ஸ் மூன்று நிமிடம் வரை போகலாம். ஆனால் ஒரு நிமிடத்தைத் தாண்டிய ஷார்ட்ஸில் பிறர் இசைக்கு உரிமைக் கோரல் வந்தால் அது தடுக்கப்படும். நடைச்சத்தமும் காற்றும் போதும், பாட்டு வேண்டாம்.

ஏற்றும்போது ஒன்றை மறக்க வேண்டாம். ஷார்ட்ஸ் விவரத்தில் நீங்கள் ஒட்டும் இணைப்பு 2023 ஆகஸ்ட் முதல் சொடுக்கினால் திறப்பதில்லை. யூடியூப் ஸ்டுடியோவில் `Related video` என்ற இடத்தில் முழு வீடியோவைத் தேர்ந்தெடுங்கள். கிளிப்பிலிருந்து நாற்பது நிமிடத்துக்குப் போகிற வழி அதுதான்.

ஒரு வாரம் கழித்துப் புள்ளிவிவரத்தைத் திறங்கள். ஷார்ட்ஸ் வரிசையில் பார்த்தவர்களைவிட நகர்ந்தவர்கள் அதிகம் என்றால் தலைப்பை நோண்டாதீர்கள். அங்கே படம் ஓடத் தொடங்கிய பிறகுதான் தலைப்பு கண்ணில் படும், ஆகவே குறை முதல் இரண்டு நொடியில் இருக்கிறது. தேடலிலிருந்து யாருமே வரவில்லை என்றால்தான் தலைப்பைத் திருத்த வேண்டும். எந்தச் சொற்களைத் தேடி வந்தார்கள் என்ற பட்டியலும் அங்கேயே கிடைக்கும். அந்தச் சொற்களை அடுத்த கிளிப்பின் தலைப்பில் பயன்படுத்துங்கள்.

சேனல்காரரிடம் ஒப்படைக்கும்போது ஐந்து கோப்புகளோடு ஒரு தாளும் கொடுங்கள்: ஒவ்வொரு கிளிப்பும் மூல வீடியோவில் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அதன் தலைப்பு, டேக், பேச்சின் கடைசி வாக்கியம் முழுதாக. கடைசி வாக்கியத்தைப் பேசியவரிடமே காட்டி ஒப்புதல் வாங்குங்கள். தலைப்பையும் டேக்கையும் ஏற்றிய பிறகும் மாற்றலாம். விட்டுப்போன ஒரு 'என்பார்கள்' வேண்டுமென்றால் கிளிப்பை நீக்கிவிட்டுப் பார்வை எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து மறுபடி ஏற்ற வேண்டும்.